ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் பேசலாமா, மாமா?

மாமா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீங்க பதறிப்போய் "சரி சரி, எல்லாம் பார்த்துக்கலாம் அம்மிணி"ன்னு சொல்லிடுவீங்க, பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஷிப்மெண்ட் போய்விட்டது, இன்றைக்குத்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்தேன்.

2019-ல் இருந்து இப்போது வரைக்கும் ஆறு வருஷம். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனா சமயத்தில் கம்பெனி மூடி எனக்குச் சம்பளம் வராத ரெண்டு மாசமும், உங்க பட்டறையிலும் வேலை இல்லாதபோது, கேட்காமலேயே பணம் போட்டுவிட்டீங்க. அதை நான் மறக்க மாட்டேன். நீங்க நல்லவரா, என் மேல் பிரியம் இருக்கா என்பதெல்லாம் என் கேள்வியே இல்லை. நாம எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆவணியில் உங்க அண்ணன் கல்யாணத்துக்கு வந்தேன் இல்லையா, அன்றிலிருந்துதான் இது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்க அக்கா இணைச்சீருக்கு உட்கார்ந்திருந்தாங்க, நான் மூணாவது வரிசையில் உங்க பெரியம்மா பக்கத்தில் இருந்தேன். "யாரு கண்ணு நீ, எந்தூரு?"ன்னு அவங்க கேட்டதும் நீங்களே திரும்பி, "கூடப் படிச்ச புள்ளைங்க பெரியம்மா"ன்னு சொன்னீங்க. அத்தனை ஒறம்பரை நடுவில் வேற என்ன சொல்ல முடியும், எனக்குத் தெரியாதா? கோபம் வரவில்லை. ஆனால் அப்புறம் பந்தியில் உட்கார்ந்தபோது இலையில் என்ன வைத்தார்கள் என்றே தெரியாமல் சாப்பிட்டு எழுந்தேன். இன்னும் எத்தனை கல்யாணத்துக்கு நான் கூடப் படிச்ச புள்ளையாகவே வருவேன் என்கிற ஒரே நினைப்புதான்.

அண்ணன் கல்யாணம் முடியட்டும்னு சொன்னீங்க, முடிந்தது. இப்போது லேத் லோன் முடியட்டும்னு சொல்றீங்க. அதுவும் நியாயம்தான். ஆனால் அதுக்கப்புறம் என்ன என்று நாம் ரெண்டு பேரும் ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசியதே இல்லை.

எங்க வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். இதை மறைத்தால் தப்பு என்பதால்தான் சொல்கிறேன், உங்களை அவசரப்படுத்த இல்லை. அம்மாவை நான் சமாளித்துக்கொள்வேன், அது என் பாடு. இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கெடு வைக்கவும் நான் வரவில்லை. இதை மூணு தடவை எழுதி அழித்தேன், ஒவ்வொரு தடவையும் எங்காவது "இல்லைன்னா" என்று ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்படிக் கேட்கப் பிடிக்கவில்லை.

என் ஆசையைச் சொல்லாமல் உங்களை மட்டும் கேட்பது சரியில்லை. எனக்கு உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். திருப்பூரோ கோயமுத்தூரோ, எங்கே என்றாலும் சரி, வேலையை மட்டும் விட மாட்டேன். நாம வேற வேற சாதி, உங்க அப்பா ஒத்துக்கொள்ள நாளாகும் என்று தெரியும். மாலை மாற்றிக்கொண்டாலே சட்டப்படி கல்யாணம்தான், 90 நாளுக்குள் பதிவு பண்ண வேண்டும் என்பதெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஓடிப்போக எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு வீட்டிலும் சொல்லி, திட்டு வாங்கி, பொறுத்திருந்து பண்ண வேண்டும். அதற்கு வருஷம் ஆனாலும் எனக்குப் பிரச்சினை இல்லை, உங்க மனசிலும் அதே இருக்கிறது என்று தெரிந்தால்.

உங்க மனசில் வேற இருந்தாலும், இன்னும் தெளிவாகவில்லை என்றாலும், பயமாக இருந்தாலும், அதையே சொல்லுங்க. எனக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்ல வேண்டாம்.

போன வருஷம் எங்க ஊர்க் குளத்தில் அத்திக்கடவுத் தண்ணியைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? 60 வருஷத்துக்கு மேல் கேட்டு, 2024-ல்தான் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. எங்க அப்பா உண்ணாவிரதப் பந்தலில் போய் உட்கார்ந்த கதையைச் சொன்னதும், "விடாம கேட்டதனாலதான் வந்துச்சு"ன்னு நீங்கதான் கரையில் நின்று சொன்னீங்க. கேட்பது சண்டை போடுவது ஆகாது என்று எனக்கு அன்றைக்குத் தைரியம் வந்தது.

ஞாயிறு சாயந்திரம் 4 மணிக்கு எப்போதும் போற பேக்கரிக்கு வர முடியுமா? அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை, பேச ஆரம்பித்தால் போதும். அந்த வாரம் பட்டறையில் வேலை நெருக்கடி என்றால் அடுத்த ஞாயிறு, பரவாயில்லை. இதைப் படித்ததும் பதறி உடனே போன் பண்ண வேண்டாம். ரெண்டு நாள் யோசிங்க. "படிச்சுட்டேன்"னு மட்டும் ஒரு வார்த்தை அனுப்புங்க, இல்லாவிட்டால் நான் போனையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பைக்கில் வந்தால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாங்க, மாமா.

உங்க அம்மிணி