நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கு இதைப் படிச்சுட்டுத் தூங்கு

அம்மணி,

பொம்பளைங்க வார்டுல ராத்திரி ஆம்பளைங்க தங்கக் கூடாதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. நானும் ஒண்ணும் வாதாடல. அத்தை உன் பக்கத்துல இருக்கறப்ப எனக்கு அங்க என்ன வேலை? லாட்ஜுக்கு வந்து குளிச்சுட்டேன். மூணு இட்லி, ஒரு ஊத்தப்பம் சாப்பிட்டாச்சு. "என்ன சாப்பிட்டீங்க மாமா"ன்னு நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அந்தக் கேள்வியை இன்னைக்கு ஒரு நாளாவது மறந்துட்டுப் படு.

முதல்ல ஊட்டுச் சேதி. இப்பத்தான் அம்மா போன் பண்ணாங்க. பொழுதோட பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தியாச்சு. செவலைதான் சித்த நேரம் படுத்தியிருக்குது. உன் கை இல்லைன்னு தெரிஞ்சுக்கிச்சு போல. கண்ணுக்குட்டியை ஊட்ட விட்டப்புறந்தான் மடி எறக்குச்சாம். மஞ்சக்காட்டுல களை வெட்டு முடிஞ்சுது. வாய்க்காத் தண்ணியைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பாத்துப் பாய்ச்சிக்கறேன்னு சொல்லிட்டாரு. பாப்பாவுக்கு நாளைக்குக் கணக்குப் பரிட்சை, அவ தன்னால படிச்சுட்டிருக்காளாம். நீ பக்கத்துல உக்காந்து மெரட்டலைன்னாலும் படிக்கிறா பாரு. ஊடு முச்சூடும் அப்படியே இருக்குது, ஒண்ணும் எடம் மாறல. ஆனா டீத்தூள் டப்பாவை எங்க வெச்சேன்னு அம்மா கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அதை நாளன்னிக்கு நீயே சொல்லிக்கோ.

இனி நாளைக்கு உன் கழுத்துத் தைராய்டுக் கட்டி ஆபரேஷன்ல என்னன்னு சொல்றேன். டாக்டர் நம்ம ரெண்டு பேருகிட்டயும் ஒட்டுக்காத்தான் சொன்னாரு. நீ அத்தை மூஞ்சியையே பாத்துட்டிருந்தே, பாதி உன் காதுல ஏறியிருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாடு கெடையாது. தண்ணி மட்டும் வெடியால ஆறு மணி வரைக்கும் ஒரு வாய், ரெண்டு வாய் குடிக்கலாம்னு மயக்க மருந்து டாக்டர் சொல்லியிருக்காரு. வயித்துல சோறு இருந்தா மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குப் போயிரும், அதுக்குத்தான் பட்டினி. அத்தை பாசத்துல ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் நீட்டுவாங்க. வாங்காதே. மாமாதான் வேண்டாம்னாருன்னு என் பேரைச் சொல்லிக்கோ.

எட்டு மணிக்கு முதல் ஆளா உன்னைத்தான் உள்ள கூட்டிட்டுப் போறாங்க. கையில ஊசி ஏத்துவாங்க, மூஞ்சிக்கு மேல மாஸ்க் வைப்பாங்க. அதுக்கப்புறம் உனக்கு எதுவும் தெரியாது. ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல ஆனாலும் நான் பதற மாட்டேன். அவங்க நிதானமா பண்றாங்கன்னுதான் நெனைச்சுக்குவேன். நெல் நடவுக்கே அவசரப்படுத்தாத ஆளு நானு, உன் கழுத்துக்கா அவசரப்படுத்துவேன்? முழிக்கறப்ப தொண்டை கரகரன்னு இருக்கும். மூச்சுக்கு வெச்ச குழாயால வர்றது அது, ரெண்டு மூணு நாள்ல போயிரும். தலையை ஒசத்தி வெச்சுப் படுக்க வைப்பாங்க. கழுத்துப் பக்கம் ஒரு சின்னக் குழாய் தொங்குனாலும் பயந்துக்காதே, உள்ள தேங்கற நீர் வடியறதுக்கு அது. உதட்டைச் சுத்தியோ, விரல் நுனியிலயோ மரமரன்னு ஊறுனா மட்டும் ஒடனே சிஸ்டர்கிட்ட சொல்லோணும். உடம்புல கால்சியம் கொறையறப்ப அப்படி ஆகுமாம், மாத்திரை குடுத்தாச் சரியாயிரும். இது ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோ. மத்ததை நான் வெச்சுக்கறேன்.

அந்தத் தாலி விசயம். சிஸ்டர் வந்து தோடு, வளையல், மிஞ்சி எல்லாம் கழட்டோணும்னு சொன்னப்ப நீ ஒண்ணும் சொல்லல. "கொடியும்தாங்க"ன்னு சொன்னப்பத்தான் அத்தை மூஞ்சி மாறிப்போச்சு, நீயும் என்னைப் பாத்தே. நான் "கழட்டலாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். இப்ப முழுசாச் சொல்றேன். ரத்தம் நிக்கறதுக்குக் கரண்டு வெச்சுத்தான் ரத்தக் குழாயை அடைப்பாங்களாம். அப்ப உடம்புல உலோகம் இருந்தா அந்த எடம் சுட்டாலும் சுட்டுரும். வேற ஆபரேஷன்னா தங்கத்தை எடுத்துட்டு மஞ்சக் கயித்துல விரலி மஞ்சளைக் கோத்துப் போட்டுக்க விட்டாலும் விடுவாங்க. உனக்குக் கத்தி வைக்கறதே அந்த எடத்துலதான், கயிறு கூட ஆகாது. மஞ்சக்காட்டுக்காரன் பொண்டாட்டி கழுத்துல ஒரு துண்டு மஞ்சளுக்கு எடமில்லாமப் போச்சேன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

அதனால நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். கொடியை அத்தை பையிலயும் வைக்க வேண்டாம், பீரோவுலயும் வைக்க வேண்டாம். என் கழுத்துலயே போட்டுக்கறேன், சட்டைக்குள்ள. அருமைக்காரர் எடுத்துக் குடுக்க, அதைக் கட்டுனது நான்தானே? கொஞ்ச நாள் சுமந்துட்டுத் திரியறதுக்கு எனக்கு உரிமை இருக்குது. காயம் ஆறுனப்புறம் நானே திருப்பிக் கட்டி விடறேன். அன்னைக்கு மணவறையில கை நடுங்குனதை நீ இன்னைக்கு வரைக்கும் ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறயே, இந்த வாட்டி நடுங்காது பாரு.

கொரலைப் பத்தி நீ என்கிட்ட கேக்கல. டாக்டர்கிட்ட மட்டும் மெதுவா, "பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்க முடியுங்களா"ன்னு கேட்டே. கதவுப் பக்கம் நின்னுட்டிருந்த எனக்கும் காதுல விழுந்துச்சு. தைராய்டுக்குப் பின்னாலதான் கொரலுக்குப் போற நரம்பு ஓடுதாம். அதை முதல்ல கண்டுபிடிச்சு ஒதுக்கி வெச்சுட்டுத்தான் கட்டியை எடுப்பாங்களாம். போன வாரம் மூக்கு வழியா கேமரா விட்டுப் பாத்தாங்களே, அது இதுக்குத்தான். ரெண்டு குரல்நாணும் நல்லா அசையுதுன்னு எழுதியிருக்காங்க. அப்புறமும் கொஞ்ச நாளைக்குக் கொரல் கம்மலா இருக்கலாம். இருக்கட்டும். கட்டுத்தரையில இருந்து நீ கூப்பிட்டா கெணத்து மேட்டுல நிக்கற எனக்குக் கேக்கும், அந்தக் கொரலுக்கும் கொஞ்சம் லீவு வேண்டாமா? உன் மூணாங்கிளாஸ்ப் பசங்க கொண்டாடுவாங்க. பாப்பா அட்டாலியில இருந்து அவளோட பழைய சிலேட்டைத் தேடி எடுத்துத் தொடைச்சு வெச்சிருக்கா. பேச முடியலைன்னா அதுல எழுதிக் காட்டுவியாம். நீ முதல்ல எழுதப் போறது எனக்குத் தெரியும்: "மாமா, மோட்டாரை நிறுத்துனீங்களா?"

தழும்பு இருக்கும். கழுத்து மடிப்பு ஓரமாவே கீறுவாங்களாம், போகப் போக மடிப்போட மடிப்பா மங்கிரும்னு சொன்னாங்க. மங்காட்டியும் எனக்கு ஒண்ணுமில்ல. பாப்பா பொறந்தப்ப வந்த தழும்பையே நான் பாத்துப் பாத்துப் பழகிட்டேன். நீ நல்லா முழுங்கோணும், மல்லாந்து படுத்து மூச்சு முட்டாமத் தூங்கோணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆறு மாசமா நீ ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கறதை நான் தூங்கற மாதிரி இருந்துட்டுப் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஊசி வெச்சு எடுத்த டெஸ்ட்டுல கெட்டது ஒண்ணும் இல்லைன்னு வந்தாச்சு. கட்டி பெருசாகித் தொண்டையை அழுத்துது, அதனால எடுக்கறோம். நம்ம சௌகரியத்துக்கு நாள் பாத்து, தெம்பா இருக்கறப்பவே எடுக்கறோம். எனக்கு நிம்மதியா இருக்கறது அதனாலதான். உனக்குத் தைரியம் சொல்றதுக்காக ஜோடிச்சுச் சொல்லல.

ஆபரேஷன் முடிஞ்சப்புறம் தெனமும் வெடியால வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அதுக்கு மேல அரை மணி, முக்கா மணி கழிச்சுத்தான் காப்பி. உனக்கு மாத்திரையை விட அந்தக் காப்பிதான் பெரிய கஷ்டமா இருக்கும். நானும் உன்கூடவே காத்திருந்து குடிக்கறேன். அஞ்சு மணிக்கே காப்பி குடிக்கற எம்பட அம்மாகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுட்டிருக்கேன்.

அம்மான்னதும் ஞாபகம் வருது. பாரியூர்க் காளியம்மனுக்கு வேண்டுதல் வெச்சிருக்காங்களாம். உனக்கு நல்லானா வர்ற வருசம் குண்டம் எறங்கறதுன்னு. ரொம்ப சந்தோசம்மான்னேன். எறங்கப் போறது நானாம்! அவங்க வேண்டிக்குவாங்க, கால் என்னோடது. சரி, எறங்கறேன். உனக்காக எறங்கறதுன்னா கசக்குமா? நீ மட்டும் முன்னால நின்னு சத்தமாக் கூப்பிடு, அதுக்குள்ள கொரலும் வந்துருக்கும்.

ஊட்டுக்கு வந்தப்புறம் நானே சமைக்கறேன். அரிசிம்பருப்புச் சோறு, நெய் எச்சா விட்டுக் கொழையக் கொழைய. முழுங்கறதுக்கு அதை விட எதமானது எதுவும் இல்ல. அடிப்பிடிச்சா அடியை நான் சாப்பிட்டுக்கறேன். வர்றப்ப பஸ் வேண்டாம், காரு சொல்லியிருக்கேன். அன்னூர்ல நிறுத்தி எளநி குடிச்சுட்டு, புளியம்பட்டி, சத்தி வழியா மெதுவா வரலாம். கழுத்துக்குச் சின்னத் தலகாணி ஒண்ணு வாங்கியிருக்கேன். வெலை கேக்காதே.

இத்தனை வருசத்துல உனக்கு நான் இவ்வளவு நீளமா எழுதுனதே இல்ல. நிச்சயம் ஆனப்புறம் ஒரு லெட்டர் போட்டேன், அதுலயும் பாதி மாட்டு வெவரம். வாயில வராதது எழுதுனா வருது போல. நீ வந்ததுல இருந்துதான் எனக்கு ஊட்டுக்குப் போகோணும்ங்கற நெனப்பே வந்துச்சு, அதுக்கு முன்னாடி தோட்டத்துச் சாளைதான் எனக்கு ஊடு. உன்மேல உசுரா இருக்கேன் அம்மணி. அத்தை முழிச்சிருந்தா இந்த வரியை மட்டும் படிச்சுக் காட்டாதே.

ராத்திரி மனசு ஒரு மாதிரி இருந்தா நல்லபுள்ளையாட்டம் அடக்கிட்டுக் கெடக்காதே. சிஸ்டரைக் கூப்பிடு, இல்லைன்னா எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் சரி, போனைத் தலமாட்டுலயே வெச்சுட்டுத்தான் படுக்கறேன். தூங்கறதுக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, மறக்காமப் போட்டுக்கோ. ரெண்டு தலகாணி வெச்சுக்கோ.

ஆறரைக்கு வார்டு வாசல்ல இருப்பேன். உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் கூடவே வர்றேன், நீ முழிக்கறப்பவும் பக்கத்துல இருப்பேன். இதுக்குப் பதில் எழுத வேண்டாம். ரெண்டு டிக்கும் நீலமானாப் போதும், நீ படிச்சுட்டேன்னு தெரிஞ்சுக்குவேன்.