கண்தானத் துண்டறிக்கை: டிசைனருக்கான பணிக்குறிப்பு

வணக்கம்.

போனில் பேசியதை எழுத்தில் தருகிறேன். நாம் பேசியதற்கும் இதில் உள்ளதற்கும் எங்காவது முரண் இருந்தால் இதில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு ஜூன் 3, 2026 புதன்கிழமைக்குள் 'சம்மதம்' என்று மின்னஞ்சல் அனுப்பினால் போதும். ஏதாவது ஒத்துவராது என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு சொல்வதைவிட அது எனக்கு எவ்வளவோ மேல்.

எதற்காக, யாருக்காக

ஜூலை 18 சனிக்கிழமை நடக்கும் கண் பரிசோதனை முகாமில் கொடுக்க ஒரு துண்டறிக்கை. வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், கூடவே அவர்களை அழைத்துவரும் மகனோ மகளோ. நாங்கள் பேச வேண்டியது அந்த மகன், மகளிடம்தான். இறப்பு நேர்ந்த வீட்டில் போனை எடுத்து அழைக்கப்போவது அவர்களே. கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதும், எந்த எண்ணை அழைப்பது என்பதும் துண்டறிக்கையைத் தூக்கிப் பார்த்தவுடன் கண்ணில் பட வேண்டும். மற்றதெல்லாம் அடுத்தபடி.

கண்ணீர், மெழுகுவர்த்தி, கட்டுப் போட்ட கண், கறுப்புப் பின்னணி வேண்டவே வேண்டாம். இரக்கத்தைக் கிளறும் படத்தைப் பார்த்தால் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வெளிச்சமான, நிதானமான தோற்றம் போதும்.

வேலையின் எல்லை

செய்ய வேண்டியவை இரண்டே: மூன்றாக மடிக்கும் ஒரு A4 துண்டறிக்கை (இரு பக்கமும்), அதே தோற்றத்தில் வாட்ஸ்அப்பில் பகிர 1080 × 1080 பிக்சலில் ஒரு படம்.

லோகோ வரைவது, உரை எழுதுவது, பேனர், வேறு மொழிப் பதிப்பு, அச்சகத்தோடு பேசுவது ஆகியவை இதில் சேராது. 'அப்படியே ஒரு பேனரும் போட்டுக் கொடுங்களேன்' என்று எங்கள் பக்கத்திலிருந்து யாராவது கேட்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அது தனி வேலை, தனித் தொகை.

உரை இறுதி செய்யப்பட்டது; `urai_final.docx` கோப்பில் சுமார் 420 சொற்கள். லோகோ `logo.svg`. நாங்களே எடுத்த நான்கு புகைப்படங்கள் தருகிறோம், படத்தில் இருப்பவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கியாயிற்று. வேறு படம் தேவைப்பட்டால் வாங்குவதற்கு முன் கேளுங்கள். உரிமத்தை எங்கள் பெயரில் நாங்களே வாங்குவோம். இணையத்தில் தேடி எடுத்த படம் மாதிரிக்காகக்கூட வேண்டாம். பிறகு அதுதான் எல்லாருக்கும் பிடித்துப்போய்விடுகிறது.

அளவும் கோப்பும்

விரித்த அளவு 297 × 210 மி.மீ., நான்கு புறமும் 3 மி.மீ. ப்ளீட். உள்ளே மடங்கும் பகுதி மற்ற இரண்டைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது முட்டி விளிம்பு நெளியும். ஆகவே வெளிப்பக்கம் இடமிருந்து வலமாக 97, 100, 100. உட்பக்கம் 100, 100, 97. வெளிப்பக்கத்தில் 97 உள்ளே மடங்குவது, நடுவில் இருப்பது பின்னட்டை, வலது கோடியில் முன்னட்டை. மாதிரியை அனுப்புமுன் தாளில் எடுத்து ஒருமுறை மடித்துப் பாருங்கள்.

அழைக்க வேண்டிய எண்ணும், குழு வரும்வரை செய்ய வேண்டியவையும் (இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது) பின்னட்டையில் வரும். எண் 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. மற்ற உரை எங்கும் 11 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லுங்கள், உரையை நான் வெட்டித் தருகிறேன்.

யூனிகோட் ஃபாண்ட் மட்டும். Noto Sans Tamil எங்களுக்குப் போதும். வேறு போட்டால் அச்சுக்கும் இணையத்துக்கும் உரிமம் உள்ளதாக இருக்கட்டும். இன்டிசைனில் Adobe World-Ready Paragraph Composer தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். போன தடவை வேறொருவர் செய்த வேலையில் 'கொடுங்கள்' என்பதன் கொம்பு இடம்மாறிப் போயிருந்தது. தமிழ் படிக்காத அச்சகத்தில் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாயிரம் பிரதிகளைக் குப்பையில் போட்டோம்.

அச்சு: 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் தாள், இருபுறமும் நான்கு வண்ணம், 5,000 பிரதிகள். படங்கள் அச்சளவில் 300 பி.பி.ஐ., வண்ணம் சி.எம்.ஒய்.கே.; உரை தனிக் கறுப்பில் (K 100) மட்டும். கடைசியில் எங்களுக்கு வர வேண்டியவை: எழுத்துகள் அவுட்லைன் ஆக்கப்பட்ட அச்சு PDF, எழுத்துகள் திருத்தக்கூடியபடியே உள்ள மூலக் கோப்பு, வாட்ஸ்அப் படத்தின் PNG. பெயர் `kan_v1.pdf`, `kan_v2.pdf` என்ற வரிசையில். கோப்பின் பெயரில் 'final' நாங்கள் ஒப்புதல் தந்த பிறகுதான் வரலாம்.

தேதிகள்

ஜூன் 10 புதன்: முன்னட்டைக்கு இரண்டு மாதிரிகள், அவ்வளவுதான். முழு லேஅவுட் இப்போது வேண்டாம்.
ஜூன் 12 வெள்ளி: ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வோம்.
ஜூன் 19 வெள்ளி: இரு பக்கமும் முழுமையாக (v1).
ஜூன் 23 செவ்வாய்: எங்கள் முதல் சுற்றுத் திருத்தம்.
ஜூன் 26 வெள்ளி: v2, கூடவே வாட்ஸ்அப் படம்.
ஜூன் 29 திங்கள்: இரண்டாம் சுற்றுத் திருத்தம்.
ஜூலை 2 வியாழன்: v3.
ஜூலை 3 வெள்ளி: ஒப்புதல்.
ஜூலை 6 திங்கள்: எல்லாக் கோப்புகளும். அன்று மதியம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அந்தக் கடைசித் தேதிக்கு மட்டும் மதியம் 12 மணி. மற்ற எல்லாத் தேதிக்கும் மாலை 6 மணி. நாங்கள் பதில் தரத் தாமதித்தால், எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் உங்கள் தேதியும் தானாகவே தள்ளிப்போகும். அதனால் அச்சு தாமதமானால் பொறுப்பு எங்களுடையது. உங்கள் பக்கம் தாமதமாகும் என்று தெரிந்தால் முந்தின நாளே சொல்லுங்கள்.

திருத்தச் சுற்றுகள்

ஒப்புக்கொண்ட தொகையில் இரண்டு சுற்றுகள் அடக்கம். ஒரு சுற்று என்றால் நான் அனுப்பும் ஒரே PDF. எங்கள் குழுவில் ஐந்து பேர் இருந்தாலும் எல்லாருடைய கருத்தும் அதற்குள் இருக்கும். வேறு யார் அழைத்து 'அந்த நீலத்தைக் கொஞ்சம்...' என்று ஆரம்பித்தாலும் என்னிடம் அனுப்பிவிடுங்கள். போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னது திருத்தம் ஆகாது, நானே சொன்னாலும்.

நிறம், படத்தின் இடம், தலைப்பின் அளவு போன்றவை திருத்தம். தேர்ந்தெடுத்த முன்னட்டையைத் தூக்கிப்போட்டுப் புதிதாகக் கேட்டால் அது மறுவேலை. உரையில் ஒரு பத்திக்கு மேல் நாங்கள் மாற்றினாலும் அப்படியே. மறுவேலைக்கும் மூன்றாம் சுற்றுக்கும் மொத்தத் தொகையில் 15 சதவீதம் கூடுதல், தொடங்குமுன் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டு. உரைக்கோப்பில் சரியாக இருந்து லேஅவுட்டில் பிசகிய எழுத்து எந்தச் சுற்றிலும் சேராது, எப்போது கண்டாலும் சரிசெய்து தர வேண்டும். எங்கள் உரையிலேயே இருந்த பிழையை v3 வரை இலவசமாக மாற்றித் தாருங்கள், அதற்குமேல் கேட்க மாட்டேன்.

ஒப்புதல் என்பது என் மின்னஞ்சலில் கோப்பின் பெயரோடு வரும் ஒரே வாக்கியம்: '`kan_v3.pdf` அச்சுக்குப் போகலாம்.' 'நல்லா இருக்கு', 'சூப்பர்', கட்டைவிரல் படம் எதுவும் ஒப்புதல் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதிய பிறகு நான் கண்டுபிடிக்கும் பிழை என்னுடையது.

பணமும் உரிமையும்

தொடக்கத்தில் 40 சதவீதம், v1 வந்ததும் 30, எல்லாக் கோப்புகளும் கைக்கு வந்த ஏழு நாளில் மீதி 30. இடையில் நாங்கள் கைவிட்டால், அதுவரை தந்தது உங்களுடையது. V1 வந்துவிட்டிருந்தால் அந்த 30-ம் சேர்த்து. முழுத்தொகை வந்ததும் அச்சிடவும் பின்னாளில் திருத்தவும் உரிமை எங்களுக்கு. முகாம் முடிந்த பிறகு உங்கள் போர்ட்ஃபோலியோவில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

முன்பணம் உங்கள் சம்மதம் கிடைத்த மறுநாள் வந்துசேரும்.