பணியிடக் காதல் உறவுகள்: ரிப்போர்ட்டிங் தொடர்பு இருந்தால் தெரிவிக்க வேண்டிய கடமை

உடன் பணிபுரிபவரைக் காதலிப்பதற்கு நிறுவனத்தில் தடையில்லை. யாரும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. ஆனால் ஒருவருடைய சம்பளத்திலோ மதிப்பீட்டிலோ வேலையிலோ மற்றவருக்குக் கை இருந்தால், அந்த உறவை மனிதவளத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

நிரந்தர ஊழியர், தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், பயிற்சியாளர், ஒப்பந்தப் பணியாளர், இயக்குநர் என அனைவருக்கும் பொருந்தும். காதல், பாலுறவு, நிச்சயமான திருமணம், சேர்ந்து வாழ்தல், திருமண உறவு ஆகியவை இதில் அடங்கும், பாலினம் பொருட்டல்ல. நட்பும், சேர்ந்து சாப்பிடப் போவதும், ஒரே வண்டியில் வீடு திரும்புவதும் அடங்காது.

எது ரிப்போர்ட்டிங் தொடர்பு

நிறுவன அமைப்புப் படத்தில் ஒருவருக்குக் கீழ் இன்னொருவர் பெயர் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இடையில் எத்தனை படிகள் இருந்தாலும் அது ரிப்போர்ட்டிங் தொடர்புதான். படத்தில் தெரியாத தொடர்புகள்தான் வழக்கமாக விட்டுப்போகின்றன: வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் லீட், ஷிப்ட் போடுபவர், மதிப்பீட்டுக்குக் கருத்து எழுதுபவர், நேர்முகத் தேர்வுக் குழுவில் இருப்பவர், செலவுக் கணக்கைச் சரிபார்ப்பவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர். “நான் அவருடைய மேலாளர் இல்லையே” என்ற பதில் இவர்களுக்குப் பொருந்தாது.

யார், எப்போது, எப்படி

தெரிவிக்கும் கடமை மேல்நிலையில் இருப்பவருடையது. உறவு தொடங்கிய 10 வேலை நாட்களுக்குள் மனிதவளத் துறைத் தலைவருக்கு நேரில் சொல்லலாம் அல்லது மின்னஞ்சல் அனுப்பலாம். இடமாற்றத்தாலோ பதவி உயர்வாலோ புதிதாக ரிப்போர்ட்டிங் தொடர்பு ஏற்படுமானால், புதிய பொறுப்பை ஏற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கீழ்நிலையில் இருப்பவரும் விரும்பினால் தெரிவிக்கலாம். சொல்லாமல் இருந்ததற்காக அவர்மேல் நடவடிக்கை வராது.

இருவரின் பெயர், பதவி, உறவு தொடங்கிய மாதம், நிலுவையில் உள்ள முடிவுகள் (மதிப்பீடு, சம்பள உயர்வு, விடுப்பு, செலவுக் கணக்கு) ஆகிய விவரங்கள் போதும். உறவு எப்படித் தொடங்கியது என்று கேட்க மாட்டோம். குறுஞ்செய்திகளையோ படங்களையோ யாரும் காட்ட வேண்டியதில்லை, கேட்டாலும் மறுக்கலாம்.

தெரிவித்த பிறகு

அன்றைக்கே ஒப்புதல் அதிகாரங்கள் வேறொரு மேலாளருக்கு மாற்றப்படும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. விடுப்பு ஒப்புதலை மாற்றிவிட்டு, வருகைப் பதிவுத் திருத்தத்தையும் செலவுக் கணக்கையும் மறந்துவிடுகிறார்கள். மாற்று ஒப்புதலாளராகப் பழைய மேலாளரின் பெயர் மென்பொருளில் அப்படியே கிடக்கிறது. ஆகவே மனிதவளத் துறை அலுவலர் ஒவ்வொரு அதிகாரத்தையும் திறந்து பார்த்து, மாற்றியதற்கான பதிவைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

3 வேலை நாட்களுக்குள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவோம். மேலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு “சம்மதம்தானா?” என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு மதிப்பில்லை. உறவு தொடங்கிய மாதத்திலிருந்து மேல்நிலையில் இருப்பவர் எடுத்த சம்பள, மதிப்பீட்டு முடிவுகளை இருவருக்கும் தொடர்பில்லாத ஒரு மேலாளர் மறுபரிசீலனை செய்வார்.

30 நாட்களுக்குள் நிரந்தர ஏற்பாடு செய்யப்படும். ஒரு படி கீழே உள்ள துணை மேலாளரிடம் மாற்றிவிடுவது தீர்வாகாது. அந்தத் துணை மேலாளரின் மதிப்பீட்டை எழுதுபவர் அதே ஆள்தான். ரிப்போர்ட்டிங் வரிசையே வேறாக வேண்டும். இடம் மாற வேண்டி வந்தால் முதலில் மேல்நிலையில் இருப்பவருக்கான வாய்ப்புகளையே பார்ப்போம். கீழ்நிலையில் இருப்பவரை அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்ற மாட்டோம். எப்படி மாற்றினாலும் அவருடைய சம்பளமும் பதவிநிலையும் குறையாது.

இரகசியம்

மனிதவளத் துறைத் தலைவர், கோப்பைக் கையாளும் ஒரு அலுவலர், புதிய ஒப்புதலாளர், மறுபரிசீலனை செய்யும் மேலாளர் ஆகியோருக்கு மட்டுமே விஷயம் தெரியும். கடைசி இருவருக்கும் தேவையான அளவே சொல்லப்படும். குழுவுக்கு “ரிப்போர்ட்டிங் மாற்றம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் போகாது. வதந்தியை வைத்து யாரும் விசாரணை நடத்தக் கூடாது, குறிப்பாகக் குழுவின் மேலாளர்கள். காதில் விழுந்ததை மனிதவளத் துறையிடம் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உறவு முறிந்தால்

அதையும் 10 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம். செய்த ஏற்பாடு குறைந்தது 6 மாதம் தொடரும், ஏனெனில் கசப்பில் எழுதப்படும் மதிப்பீடும் காதலில் எழுதப்படும் மதிப்பீட்டைப் போலவே நம்பத்தகாதது. முன்பு உறவைத் தெரிவித்திருந்தது, பின்னாளில் பாலியல் தொந்தரவுப் புகார் கொடுக்க எந்த வகையிலும் தடையாகாது. முன்பு தந்த சம்மதம் பின்பு நடந்ததற்குச் சம்மதமாகாது.

மீறினால்

மேல்நிலையில் இருப்பவர் மறைத்தால் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை முதல் பணிநீக்கம் வரை நடவடிக்கை உண்டு. மறைத்த காலத்தில் துணைக்குச் சம்பள உயர்வோ பதவி உயர்வோ தந்திருந்தால் எச்சரிக்கையோடு முடியாது. கெடு தாண்டியிருந்தாலும் தாமாக முன்வந்து சொல்பவருக்கு அது சாதகமாகக் கணக்கில் எடுக்கப்படும்.

இந்தக் கொள்கை வெளியாகும் நாளில் ஏற்கனவே உறவில் இருப்பவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் தெரிவித்தால், இதுவரை சொல்லாததற்கு நடவடிக்கை இல்லை.