நீரற்ற காப்பர் சல்பேட்டின் நீரேற்ற என்தால்பி: மேல்நிலை முதலாமாண்டு வேதியியல் ஒப்படைப்பு

வெள்ளைநிற நீரற்ற காப்பர் சல்பேட் ஐந்து மூலக்கூறு நீரை ஏற்று நீலநிற மயில்துத்தமாக மாறும்போது வெளியாகும் வெப்பத்தை நேரடியாக அளக்க முடியாது. அளவாக நீர் ஊற்றினால் தூள் கட்டிதட்டிவிடும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை. வெப்பமானியை எங்கே வைப்பது? ஆகவே இரண்டு உப்புகளையும் தனித்தனியே நீரில் கரைத்து, ஹெஸ் விதியின்படி விடையைச் சுற்றுவழியில் பெற்றேன்.

கலோரிமீட்டராகப் பயன்பட்டது ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரண்டு தெர்மோகோல் கோப்பைகள். இரு சோதனைகளிலும் 0.0250 மோல் உப்பு. மயில்துத்தம் தன்னுடனேயே 2.25 கிராம் நீரைக் கொண்டுவருவதால் அதற்கு 47.75 மி.லி. நீர் மட்டுமே எடுத்தேன். நீரற்ற உப்புக்கு 50.0 மி.லி. அப்போதுதான் இரண்டும் ஒரே கரைசலில் முடியும். முடிவுநிலை வேறுபட்டால் சுழற்சி மூடாது.

சோதனை 1: நீரற்ற உப்பு, 3.99 கிராம். தொடக்க வெப்பநிலை 28.2 °C. மூன்றாம் நிமிடத்தில் தூளைச் சேர்த்தேன். ஐந்தாம் நிமிடத்தில் உச்சமாக 35.4 °C வந்தது. கரைவதற்கு எடுத்த அந்த இரண்டு நிமிடங்களிலும் வெப்பம் கசிந்திருக்கும். எனவே குளிரும் பகுதியின் நேர்கோட்டை மூன்றாம் நிமிடம் வரை பின்னோக்கி நீட்டி, 35.8 °C என்று எடுத்துக்கொண்டேன்.

q = 50.0 × 4.18 × 7.6 = 1588 J
ΔH₁ = −1.588 ÷ 0.0250 = −63.5 kJ/mol

உச்ச அளவீட்டை அப்படியே எடுத்திருந்தால் −60.2 தான் கிடைத்திருக்கும்.

சோதனை 2: மயில்துத்தம், 6.24 கிராம். வெப்பநிலை 28.2-இலிருந்து 26.9 °C-க்கு இறங்கியது. வினை வெப்பம் கொள்வதால் குறி நேர்.

q = 50.0 × 4.18 × 1.3 = 272 J
ΔH₂ = +0.272 ÷ 0.0250 = +10.9 kJ/mol

ஆற்றல் சுழற்சி: நீரற்ற உப்பு நேராகக் கரைவதும், முதலில் நீரேறி மயில்துத்தமாகிப் பிறகு கரைவதும் ஒன்றே.

ΔH₁ = ΔH(நீரேற்றம்) + ΔH₂
ΔH(நீரேற்றம்) = −63.5 − (+10.9) = −74.4 kJ/mol

முதல் முறை எழுதியபோது இங்கே 10.9-ஐக் கூட்டி −52.6 என்று போட்டுவிட்டேன். அம்புக்குறிகளை வரைந்து பார்த்தபின்தான் தவறு தெரிந்தது.

ஏற்கப்பட்ட மதிப்பு −78.2, என் விடை எண்ணளவில் 3.8 குறைவு, சுமார் 5 சதவீதம். ஒவ்வொரு வெப்பமானி அளவீட்டிலும் ±0.1 °C பிழை என்றால், ஒவ்வொரு ΔT-இலும் ±0.2 °C, அதாவது மோலுக்கு சுமார் 1.7 கிலோஜூல். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தாலும் 3.3-தான். மீதியை வெப்பமானியின் தலையில் கட்ட முடியாது. நிறுக்கும்போதே நீரற்ற தூளின் ஓரம் இளநீலமாக மாறியிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். காற்றின் ஈரத்தை அது முன்கூட்டியே குடித்துவிட்டதால், அந்தப் பங்கு வெப்பம் கோப்பைக்குள் வராமலே போயிருக்கிறது. மறுமுறை செய்தால் தூளை மூடிய குப்பியில் வைத்தே நிறுப்பேன்.