சாதியோடு கடந்த வாசல்

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றபோது அவர்களுக்குச் செபம்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முத்துக்குளிப்பு உரிமையில் முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியிருந்தது. கரையோரத்தில் கப்பற்படை வைத்திருந்தவர்கள் போர்த்துக்கீசியர். பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் பேசி முடித்தார்கள். 1537-க்குள் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்விக்கப் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542-இல்தான்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தலைவர்களின் முடிவு, பிறகு பாதுகாப்பு, கடைசியில் போதனை. சாதித் தலைவன் பதவியும் பட்டங்கட்டி முறையும் அப்படியே தொடர்ந்தன. பின்னால் நடந்த மாற்றங்களுக்கும் பெரும்பாலும் இதே அச்சுதான்: குடும்பம் குடும்பமாக, கூட்டமாகப் போனார்கள். அதனால் சாதியும் கூடவே போனது.

மதுரையில் 1606-இல் வந்திறங்கிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி அதை மறைக்கவும் இல்லை. காவி கட்டி, பூணூல் அணிந்து, புலால் விலக்கி மேல்சாதியாரிடம் பேசினார். சாதி உலக வழக்கம், மதம் வேறு என்பது அவர் வாதம். ஒரே மறையில் மேல்சாதிக்கு ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பின்னர் இருவகைத் துறவிகள் உருவானதற்கு அந்த வாதமே வழிவிட்டது. மதத்தைப் பரப்ப அது உதவியது. சாதியைக் கரைக்க உதவவில்லை.

திருநெல்வேலி நாடார்களின் கதையில் நிலமும் துணியும் முன்னுக்கு வருகின்றன. புதிதாக மாறியவர்களை ஊர் துன்புறுத்தியது. எரிந்த செபக்கூடத்தைத் திரும்பக் கட்டுவதைவிடத் தனியே நிலம் வாங்கிக் குடியேறுவது மேல் என்று கண்டார்கள். 1799-இல் அப்படி எழுந்ததுதான் முதலூர், பெயரே சொல்லும். பனையேறியின் பிள்ளைக்கு எழுத்து கற்றுத்தரும் பள்ளிக்கூடம், வழக்கு வந்தால் கலெக்டருக்கு மனு எழுதித்தரும் ஆள், இரண்டும் அங்கே கிடைத்தன. மிஷனரியின் பிரசங்கத்தைவிட அவர் எழுதித்தந்த மனு வலுவாக வேலை செய்த ஊர்கள் உண்டு.

திருவிதாங்கூரில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம், ஆனால் நாயர் பெண்களைப்போல் தோள்சீலை போடக்கூடாது என்றது 1814-ஆம் ஆண்டு ஆணை. 1820-களிலும் 1858–59-லும் கலகம் வெடித்தது. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலையில் எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பாணி கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது. அதே மண்ணில் அய்யா வைகுண்டர், மதம் மாறாமலே தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் வழிபடும் பாதையை வகுத்தார். ஆகவே மதம் மாறுவது ஒன்றே வழியாக இருந்ததில்லை.

கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளும் பிரிவு நின்றது. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடம், இரண்டும் பலிபீடத்தில் சேரும். கால்சட்டை வடிவம் என்று சொல்வார்கள். நடுச்சுவரை இடித்தது 1910-இல்தான். சுவர் எழுப்பாத இடங்களில் கல்லறை பிரிந்திருந்தது.

அயோத்திதாசர் இதையெல்லாம் பார்த்தவர். பறையர்கள் ஆதியில் பௌத்தர்கள், ஆகவே போவது மதமாற்றமல்ல, திரும்புதல் என்றார். 1898-இல் பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தரானார். சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேர்பிடித்தது. நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விலகி, கூலியைக் காசாக வாங்கியவர்கள் அவர்கள்.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பள்ளர் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. பணத்துக்காக என்று தில்லி வரை பேச்சு. ஆனால் முன்னின்றவர்களில் படித்தவர்களும் நிலம் உள்ளவர்களும் இருந்தார்கள். வயிறு நிரம்பிய பிறகும் தீராத அவமதிப்பும் காவல்துறைத் தொல்லையும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

மாறியவர்களுக்குச் சட்டம் ஒரு விலை வைத்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்தால்? கோலார் தங்கவயல் தனித்தொகுதித் தேர்தல் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: பழைய சாதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்தச் சாதியார் அவரைத் தம்மவராக ஏற்க வேண்டும்.