வேலை அனுபவச் சுருக்கம்: மெட்டல் மெஷினிஸ்ட் (முதல் நிலை), தொழில் குறியீடு 323214

டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியாவின் திறன் மதிப்பீட்டுக்கும், அது முடிந்தபின் போடப்போகும் 190 விசா விண்ணப்பத்துக்கும் இதைக் கொடுக்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வருவது தமிழில்தான், அதனால் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி கூடவே இருக்கிறது. நிறுவனங்களின் பெயர், முகவரி, மேலாளர்களின் தொலைபேசி எண் எல்லாம் இணைப்பு 1 முதல் 4 வரையுள்ள அனுபவக் கடிதங்களில் இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை. கடிதங்களில் இல்லாத விஷயம்தான் இங்கே அதிகம். முக்கியமாக, எந்த வருடத்தில் மெஷினில் என்ன வேலை செய்தேன், அதில் எதைக் கணக்கில் கேட்கிறேன், எதைக் கேட்கவில்லை என்பது.

முதலில் பெயர் விஷயம். ஐடிஐ சான்றிதழிலும் பழைய பிஎஃப் கணக்கிலும் என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட் எடுக்கும்போது இப்படித்தான் ஆகும். இரண்டும் நான்தான் என்று நோட்டரி முன்னிலையில் போட்ட உறுதிமொழிப் பத்திரம் இணைப்பு 5.

படிப்பு, பயிற்சி

2009-ல் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு கோவை அரசு ஐடிஐ-யில் டர்னர் பிரிவில் சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு, 2011 ஜூலையில் தேர்வு, தேசியத் தொழிற்சான்றிதழ் கையில் இருக்கிறது. அதன் பிறகு 2011 அக்டோபரிலிருந்து ஒரு வருடம் அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சி. உதவித்தொகைதான் வந்தது, சம்பளம் இல்லை. ஆகவே அந்த ஒரு வருடத்தை வேலை அனுபவமாக நான் கேட்கவில்லை. தகுதிக்கான சான்றாக மட்டும் பார்த்தால் போதும்.

2013 ஜனவரி முதல் 2015 மே வரை: பம்ப் தொழிற்சாலை, கணபதி, கோவை

பதவி டர்னர். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். சேரும்போது சம்பளம் 7,200 ரூபாய், விலகும்போது 9,800. பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டும் பிடித்தார்கள், பாஸ்புக் பிரிண்ட் இணைப்பு 6.

இங்கே எல்லாம் சாதாரண லேத்தான், சிஎன்சி கிடையாது. போர்வெல் பம்புக்கான ஷாஃப்ட், பவுல், புஷ் ஆகியவற்றைக் கடைந்தேன். ஷாஃப்ட் 410 எஸ்எஸ், விட்டம் 25 மில்லி, நீளம் சில அளவுகளில் ஒன்றரை மீட்டர் வரை. இவ்வளவு ஒல்லியான, நீளமான ஜாப் கடையும்போது நடுவில் வளைந்து கொடுக்கும், இரண்டு முனையிலும் அளவு சரியாக இருந்தாலும் நடுவில் பருத்துப்போய் நிற்கும். அதனால் இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, ஸ்டெடி வைத்து, முதல் கட் போட்டதும் மூன்று இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து டெயில்ஸ்டாக்கை நகர்த்துவேன். சூடு ஏறினால் ஷாஃப்ட் நீளும், சென்டர் இறுகும்; அவ்வப்போது தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் எனக்குக் கொடுத்த அளவு விலகல் 0.02 மில்லி. டிராயிங் படிப்பது, ஹைஸ்பீடு டூலை நானே கிரைண்டரில் பிடித்துத் தீட்டுவது, முடித்த ஜாப்பை அளந்து ஆய்வுத் தாளில் எழுதுவது எல்லாம் என் வேலைதான். தூக்கிக் கொடுக்க மட்டும் ஹெல்பர் இருந்தார்.

2015 ஜூன் முதல் 2018 மார்ச் வரை: ஜாப் ஒர்க் பட்டறை, குறிச்சி சிட்கோ

இந்தக் காலத்தைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்த சின்னப் பட்டறை. இருபது பேருக்குக் குறைவு என்பதால் பிஎஃப் இல்லை, பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் ஈஎஸ்ஐயும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கையில் பணம் வாங்குவோம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனபிறகு பட்டறையில் எல்லோரையும் வங்கிக் கணக்கு கொடுக்கச் சொன்னார்கள், டிசம்பர் முதல் சம்பளம் கணக்கில் வந்தது. ஆக 2016 டிசம்பர் முதல் 2018 மார்ச் வரையிலான ஒரு வருடம் நான்கு மாதத்துக்கு வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கிறது (இணைப்பு 7), அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்துக்கு முதலாளியின் கடிதமும் பழைய வவுச்சர் நகல் சிலவும் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அதுவும் நான் செய்த வேலைதான், ஆனால் காகிதம் போதாது என்று தெரிந்துகொண்டே கேட்பதில் அர்த்தம் இல்லை.

வேலை என்று பார்த்தால் அதிகம் கற்றது இங்கேதான். காலையில் ஒருவர் ஸ்பின்னிங் மில்லிலிருந்து உடைந்த ரோலர் முனையைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வருவார். டிராயிங் இருக்காது, மெஷின் எந்த ஊர் தயாரிப்பு என்றுகூடச் சில சமயம் தெரியாது. தேயாத பகுதியைத் தேடி அளந்து, பிட்ச் கேஜ் வைத்து மரை மில்லியா அங்குலமா என்று பார்த்து, கையாலேயே ஒரு படம் வரைந்து, அதன்படி புதிதாகக் கடைந்து, மில்லிங்கில் கீவே வெட்டிக் கொடுக்க வேண்டும். லேத், மில்லிங், ஷேப்பர், சர்ஃபேஸ் கிரைண்டர் நான்கிலும் வேலை செய்தேன். வெல்டிங் பக்கம் போகவில்லை, அதற்குத் தனி ஆள் இருந்தார்.

2018 ஏப்ரல் முதல் ஜூன் வரை எந்த வேலையும் இல்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டில் இருந்தேன்.

2018 ஜூலை முதல் 2022 ஆகஸ்ட் வரை: வால்வ் தயாரிக்கும் நிறுவனம், நீலாம்பூர், கோவை

இங்கிருந்துதான் சிஎன்சி. ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன், 2019 அக்டோபரில் செட்டர் ஆனேன். அனுபவக் கடிதத்தில் கடைசிப் பதவி 'சீனியர் அசோசியேட்' என்று இருக்கும். அது சம்பளத் தரத்துக்கு நிர்வாகம் வைத்த பெயர், ஆபீஸ் வேலை இல்லை. விலகும் நாள் வரை மெஷினில்தான் நின்றேன். சூப்பர்வைசர் தனியாக எழுதிக் கொடுத்த பணி விவரம் இணைப்பு 3-ன் இரண்டாம் பக்கம்.

கேட் வால்வ், குளோப் வால்வ் பாடிகள், ஸ்டெம், சீட் ரிங் என்று வரும். ஃபானுக் கன்ட்ரோல் உள்ள டர்னிங் சென்டர் மூன்று என் பொறுப்பில் இருந்தன. டிராயிங் வந்ததும் எந்தப் பக்கம் முதலில் பிடிப்பது என்று முடிவு செய்வது, சாஃப்ட் ஜாவை அந்த விட்டத்துக்குக் கடைந்து தயார் செய்வது, இன்சர்ட் தேர்வு, டூல் ஆஃப்செட், முதல் ஜாப் ஓட்டி அளந்து க்யூசி-யிடம் ஒப்புதல் வாங்குவது, அப்புறம் ஓட்டத்தில் இன்சர்ட் தேயத் தேய ஆஃப்செட் திருத்துவது. புரோகிராமை மெஷினிலேயே எழுதுவேன்: G71-ல் ரஃபிங், G70-ல் ஃபினிஷிங், ஸ்டெம்மின் மரைக்கு G76. கேம் மென்பொருளில் செய்த புரோகிராம் வந்தால் அதைத் திருத்தத் தெரியும், ஆனால் கேமில் புதிதாகச் செய்வது என் வேலையாக இருந்ததில்லை.

சம்பளம் 17,500-ல் தொடங்கி 26,000 வரை. பிஎஃப் உண்டு, சம்பளச் சீட்டு மாதவாரியாக இருக்கிறது. 2020 மார்ச் 25 ஊரடங்கிலிருந்து மே இரண்டாவது வாரம் வரை ஆலை மூடியிருந்தது. ஏப்ரல் சம்பளம் பாதிதான் வந்தது, பாஸ்புக்கிலும் அந்த மாதத் தொகை குறைவாகத் தெரியும். வேலையை விட்டு நிற்கவில்லை, இருந்தாலும் மெஷினைத் தொடாத அந்த நாட்களைக் கழித்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2022 செப்டம்பர் முதல் இன்று வரை: எண்ணெய், எரிவாயு உதிரிபாக நிறுவனம், ஜூரோங், சிங்கப்பூர்

பதவி சிஎன்சி மெஷினிஸ்ட், எஸ் பாஸ். வாரம் 44 மணி நேரம், ஓவர்டைம் தனி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 3,050 சிங்கப்பூர் வெள்ளி, இப்போது 3,400. இந்தியாவில் பிஎஃப் காட்டியது மாதிரி இங்கே சிபிஎஃப் காட்ட முடியாது, வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது பிடிப்பதில்லை. அதற்குப் பதில் மாதச் சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், கம்பெனி கொடுத்த ஐஆர்8ஏ, வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் இணைப்பு 8-ல் வருடவாரியாக இருக்கின்றன.

இங்கே கப்ளிங், மாண்ட்ரல், திரெட் புரொடெக்டர் போன்றவை வரும். எண்ணிக்கை குறைவு, உலோகம் விலை அதிகம். 4140 எஃகும் இன்கோனல் 718-ம்தான் பெரும்பாலும். இன்கோனலை மெல்ல மெல்லச் சீவினால் மேல்தோல் இறுகிவிடும், அடுத்த கட்டில் இன்சர்ட் முனை தெறித்துப் போகும். அதனால் கொஞ்சம் ஆழமாக, நிறுத்தாமல், கூலன்ட் தாராளமாக விட்டு ஓட்ட வேண்டும். கடைசி ஃபினிஷிங் கட்டுக்கு எப்போதும் புது முனை. மரையை ரிங் கேஜ், பிளக் கேஜ் வைத்து நானே சோதித்து, அளவுத் தாளில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். என் டிராயிங் எண்கள் வாடிக்கையாளருக்குச் சொந்தம் என்பதால் அந்தத் தாள்களை இணைக்க அனுமதி இல்லை. அவற்றுக்குப் பதில், நான் மெஷினில் வேலை செய்யும் வீடியோவும் படங்களும் கம்பெனி அனுமதியோடு கொடுத்திருக்கிறேன்.

2024-லிருந்து புதிதாக வந்த இரண்டு பேருக்கு செட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். அது மேற்பார்வைப் பதவி இல்லை, என் ஷிப்ட் வேலையோடு சேர்ந்தது.

கணக்கில் கேட்பது

கணபதியில் 2 வருடம் 5 மாதம், குறிச்சியில் வங்கிச் சான்று உள்ள 1 வருடம் 4 மாதம், நீலாம்பூரில் 4 வருடம் 2 மாதம், ஜூரோங்கில் 2025 அக்டோபர் முடிய 3 வருடம் 1 மாதம். எல்லாம் முழுநேர, சம்பளத்துக்குச் செய்த வேலை. கடைசி இரண்டு இடத்துக்கும் நடுவில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சில நாட்கள் தவிர இடைவெளி இல்லை.

நான்கு மேலாளர்களிடமும் அழைப்பு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். கணபதி போர்மேன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆலை எண்ணில் அவர் கிடைக்க மாட்டார், கடிதத்தின் கீழே உள்ள சொந்தக் கைபேசி எண்ணுக்குத் தமிழில் அழைக்க வேண்டும். குறிச்சி பட்டறை முதலாளியும் தமிழில்தான் பேசுவார். மற்ற இருவரிடம் ஆங்கிலத்தில் பேசலாம்.

மேலே எழுதியது எல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை. இதில் எந்த வரிக்கும் கூடுதல் சான்று வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், அனுப்புகிறேன்.

ஜூரோங், சிங்கப்பூர்
2025 நவம்பர் 14