பிக்கிங் லிஸ்ட், பேக்கிங் ஸ்லிப்: புதன், 12 நவம்பர் 2025

செம்பூர், மும்பை 400071
ஆர்டர்கள் 5 (418 முதல் 422 வரை). மொத்தம் 17 உருப்படி.
எடுப்பவர்: சித்தி. பேக் பண்ணுபவர்: தம்பி. கூரியர் வருவது மாலை 4 மணிக்கு.

சித்தி, தம்பி, தொடங்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எடுப்பவரே பேக் பண்ண வேண்டாம். சித்தி ரேக்கிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பார்கள். தம்பி தட்டில் இருப்பதை ஸ்லிப்போடு ஒப்பிட்டுப் பெட்டியில் போடுவான். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அவசரமென்று ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இந்தத் தாளுக்கே பயன் இல்லை.

நம் வீட்டில் எல்லாத் தவறும் ஒரே அளவு தவறு இல்லை. 200 கிராமுக்குப் பதில் 500 கிராம் போனால் நமக்குப் பண நஷ்டம், அவ்வளவுதான். பூண்டு சாப்பிடாத வீட்டுக்குப் பூண்டுப் பொடி போனால் அது அவர்கள் நம்பிக்கையைத் தொடும் விஷயம். இட்லிப் பொடி 200 கிராம் இரண்டு வகைக்கும் ஒரே கவர், ஒரே நிறம், ஒரே எடை. தராசு இதைக் காட்டிக் கொடுக்காது, ஸ்டிக்கர்தான் காட்டும். சிவப்பு ஸ்டிக்கர் என்றால் பூண்டு உண்டு. மஞ்சள் என்றால் இல்லை. ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட் எதையும் அனுப்பக் கூடாது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், நான் பார்க்கிறேன்.

பிக்கிங் லிஸ்ட்

ரேக் வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். 1-1-இல் தொடங்கி 3-4-இல் முடியும், நடுவில் திரும்பி வர வேண்டியதில்லை. முதல் ரேக்கில் பூண்டு உள்ளவை மட்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருப்பது எதிலும் பூண்டு கிடையாது. முன்பு பக்கத்தில் பக்கத்தில் இருந்த சாம்பார்ப் பொடியையும் ரசப் பொடியையும் இப்போது வேறு வேறு ரேக்கில் வைத்திருக்கிறேன்.

| இடம் | பொருள் | அளவு | ஸ்டிக்கர் | எத்தனை | எந்த ஆர்டருக்கு | எடுத்தாச்சு |
|---|---|---|---|---|---|---|
| 1-1 | இட்லிப் பொடி, பூண்டு போட்டது | 200 கி | சிவப்பு | 2 | 419-க்கு 1, 422-க்கு 1 | ☐ |
| 1-2 | பூண்டு ஊறுகாய், கண்ணாடி பாட்டில் | 250 கி | சிவப்பு | 1 | 419 | ☐ |
| 1-3 | பருப்புப் பொடி, பூண்டு போட்டது | 200 கி | சிவப்பு | 1 | 422 | ☐ |
| 2-1 | இட்லிப் பொடி, பூண்டு இல்லாதது | 200 கி | மஞ்சள் | 2 | 418 | ☐ |
| 2-2 | இட்லிப் பொடி, பூண்டு இல்லாதது | 500 கி | மஞ்சள் | 1 | 421 | ☐ |
| 2-3 | கறிவேப்பிலைப் பொடி | 200 கி | மஞ்சள் | 1 | 420 | ☐ |
| 2-4 | சாம்பார்ப் பொடி | 500 கி | மஞ்சள் | 1 | 420 | ☐ |
| 3-1 | ரசப் பொடி | 250 கி | மஞ்சள் | 3 | 418-க்கு 1, 420-க்கு 2 | ☐ |
| 3-2 | மாவடு, கண்ணாடி பாட்டில் | 500 கி | மஞ்சள் | 1 | 421 | ☐ |
| 3-3 | ஜவ்வரிசி வடாம் | 250 கி | மஞ்சள் | 2 | 422 | ☐ |
| 3-4 | மோர்மிளகாய் | 100 கி | மஞ்சள் | 2 | 419 | ☐ |

எடுத்து முடித்ததும் ஐந்து தட்டையும் எண்ணுங்கள்: 418-இல் 3, 419-இல் 4, 420-இல் 4, 421-இல் 2, 422-இல் 4. கூட்டினால் 17 வர வேண்டும். வராவிட்டால் பேக்கிங் தொடங்க வேண்டாம்.

ஒவ்வொரு ரேக்கிலும் பழைய தேதி முன்னால் இருக்கும், முன்னால் இருப்பதையே எடுங்கள். எடுக்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள் சித்தி, "இட்லிப் பொடி, பூண்டு இல்லாதது, இருநூறு, இரண்டு" என்று. பழகிய கை தானாகப் போய்விடும். வாய்விட்டுச் சொன்னால் கண் ஒரு நொடி நின்று பார்க்கும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ரசப் பொடி 3-1-இல் நான்கே பாக்கெட்தான் மிச்சம், இன்று மூன்று போகிறது. ஏதாவது ஒன்றில் கவர் கிழிந்திருந்தாலோ வேறு பொருள் தீர்ந்திருந்தாலோ அதற்குப் பதில் வேறொன்றை வைக்காதீர்கள். அந்த ஆர்டர் முழுவதையும் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தாமதமாகும் என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பேக்கிங் மேசையில்

தம்பி, ஒரு நேரத்தில் ஒரே தட்டு, ஒரே ஸ்லிப், ஒரே கூரியர் லேபிள். மற்ற நான்கும் அலமாரி மேலே இருக்கட்டும். பொருள் சரியாக எடுத்தும் தவறாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் லேபிள் மாறுவதுதான். ஐந்து பெட்டியையும் மூடி வைத்துவிட்டுக் கடைசியில் லேபிள் ஒட்டினால் அது நடக்கும். ஒன்றை மூடியதும் அதற்கு ஒட்டி, அலமாரியிலிருந்து அடுத்ததை இறக்கு.

லேபிளில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், ஸ்லிப்பில் பெயரே இல்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பவை ஆர்டர் எண்ணும் பின்கோடும்தான். அந்த இரண்டும் பொருந்தினால் ஒட்டு. ஒரே பெயரில் இரண்டு பேர் ஆர்டர் போடும் நாள் உண்டு, அதனால் பெயரைப் பார்த்து ஒட்டாதே.

பேக்கிங் வரிசை இன்று இப்படி: முதலில் 418, 420, 421. இவை மூன்றிலும் பூண்டு இல்லை. இவை மூடி லேபிள் ஒட்டி ஹாலுக்குப் போன பிறகுதான் 419, 422 தட்டுகள் மேசைக்கு வர வேண்டும்.

மூடிய பெட்டியைத் தராசில் வை. எதிர்பார்க்கும் எடை ஸ்லிப்பில் இருக்கிறது, 15 கிராம் வரை ஏற்ற இறக்கம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பெட்டியைத் திற. கணக்கு போட்ட விதம்: 200 கிராம் பொடி கவரோடு 210, 250 கிராம் ரசப் பொடி 262, 500 கிராம் பொடி 515, வடாம் 260, மோர்மிளகாய் 108, பூண்டு ஊறுகாய் பாட்டில் 430, மாவடு பாட்டில் 800. சின்னப் பெட்டி தாள், டேப்போடு 140, நடுத்தரம் 190, பாட்டில் பெட்டி பபிள் ராப்போடு 240. ரசப் பொடிக்கும் வடாமுக்கும் 2 கிராம்தான் வித்தியாசம். அங்கேயும் தராசை நம்பாமல் கண்ணால் பார்.

பேக்கிங் ஸ்லிப்கள்

(கோட்டுக்கு மேலே உள்ளது பெட்டிக்குள் போகும். கீழே உள்ளதைக் கத்தரித்து நம் ஃபைலில் வை.)

ஆர்டர் 418
முலுண்டு மேற்கு, மும்பை 400080

இட்லிப் பொடி, பூண்டு இல்லாதது, 200 கி: 2
ரசப் பொடி, 250 கி: 1
மொத்தம் 3 பாக்கெட்

நீங்கள் ஆர்டரில் எழுதியபடி இந்தப் பெட்டியில் பூண்டு சேர்த்த பொருள் எதுவும் இல்லை. பாக்கெட்டுகளில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றாவது கண்ணில் பட்டால் பாக்கெட்டைத் திறக்காமல் அப்படியே வைத்து எங்களுக்குச் சொல்லுங்கள். இட்லிப் பொடியில் எள் இருக்கிறது. இரண்டிலும் கூட்டுப் பெருங்காயம் சேர்ப்பதால் சிறிதளவு கோதுமை மாவும் இருக்கும்.

- - - - - - - - - -
சின்னப் பெட்டி. எடை 822 கிராம். மஞ்சள் ஸ்டிக்கர் 3 ☐ சிவப்பு இல்லை ☐ லேபிள் எண், பின்கோடு பொருந்துகிறது ☐

ஆர்டர் 420
ஆர்.கே.புரம், புது டெல்லி 110022

சாம்பார்ப் பொடி, 500 கி: 1
ரசப் பொடி, 250 கி: 2
கறிவேப்பிலைப் பொடி, 200 கி: 1
மொத்தம் 4 பாக்கெட்

இது மும்பையிலிருந்து உங்கள் மகள் அனுப்பும் அன்பளிப்பு. தீபாவளிக்கு வர முடியாததற்கு இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் நிறத்தில் நெருங்கி இருக்கும், மாற்றிக் கொட்டாமல் டப்பா மேலே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் கூட்டுப் பெருங்காயம் வழியாகக் கோதுமை மாவு சிறிதளவு உண்டு.

- - - - - - - - - -
நடுத்தரப் பெட்டி. எடை 1,439 கிராம். மஞ்சள் 4 ☐ பில் உள்ளே இல்லை ☐ பொருந்துகிறது ☐
பில் மகளுக்கு வாட்ஸ்ஆப்பில் போய்விட்டது தம்பி, பெட்டியில் விலை தெரியும் காகிதம் எதுவும் போகக் கூடாது.

ஆர்டர் 421
மாட்டுங்கா, மும்பை 400019

மாவடு, 500 கி, கண்ணாடி பாட்டில்: 1
இட்லிப் பொடி, பூண்டு இல்லாதது, 500 கி: 1
மொத்தம் 2 உருப்படி

மாவடுவை ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். மாவடு உப்பு நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும். அதில் கடுகு இருக்கிறது. பொடியில் எள்ளும் பெருங்காயத்தின் கோதுமை மாவும் உண்டு. பாட்டில் உடைந்தோ கசிந்தோ வந்தால் சுவைத்துப் பார்க்க வேண்டாம், பெட்டியோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

- - - - - - - - - -
பாட்டில் பெட்டி. எடை 1,555 கிராம். மஞ்சள் 2 ☐ பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன், கசியவில்லை ☐ பொருந்துகிறது ☐

ஆர்டர் 419
டோம்பிவிலி கிழக்கு 421201

இட்லிப் பொடி, பூண்டு போட்டது, 200 கி: 1
பூண்டு ஊறுகாய், 250 கி, கண்ணாடி பாட்டில்: 1
மோர்மிளகாய், 100 கி: 2
மொத்தம் 4 உருப்படி

மோர்மிளகாயில் தயிர் இருக்கிறது, இட்லிப் பொடியில் எள் இருக்கிறது.

- - - - - - - - - -
பாட்டில் பெட்டி. எடை 1,096 கிராம். சிவப்பு 2, மஞ்சள் 2 ☐ கசியவில்லை ☐ பொருந்துகிறது ☐

ஆர்டர் 422
மல்லேஸ்வரம், பெங்களூரு 560003

பருப்புப் பொடி, பூண்டு போட்டது, 200 கி: 1
இட்லிப் பொடி, பூண்டு போட்டது, 200 கி: 1
ஜவ்வரிசி வடாம், 250 கி: 2
மொத்தம் 4 பாக்கெட்

பொரிக்கும் முன் வடாமை அரை மணி வெயிலில் வையுங்கள். வழியில் ஓரிரண்டு உடைந்திருக்கலாம், அதற்காக எடையில் சற்றுக் கூடுதலாகவே போட்டிருக்கிறோம்.

- - - - - - - - - -
நடுத்தரப் பெட்டி. எடை 1,130 கிராம். சிவப்பு 2, மஞ்சள் 2 ☐ வடாம் எல்லாவற்றுக்கும் மேலே ☐ பொருந்துகிறது ☐

எல்லா ஸ்லிப்பின் பின்பக்கத்திலும் இருப்பது:

பெட்டியைத் திறந்ததும் முன்பக்கத்துப் பட்டியலோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் பாக்கெட்டும் இந்தச் சீட்டும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, ஆர்டர் உறுதிச் செய்தி வந்த அதே வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அனுப்புங்கள். சரியான பொருளை எங்கள் செலவில் அனுப்புவோம், மாறி வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் செலவும் எங்களுடையது. உணவுப் பதிவு எண், செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கிறது. இந்தச் சீட்டு பில் அல்ல.

கூரியர்காரர் வரும்போது

பெட்டி 5. அவர் ஸ்கேன் பண்ணும்போது எண்ணைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடு: 418, 419, 420, 421, 422. ஐந்து ரசீதும் வாங்கி அந்தந்தக் கீழ்த்துண்டோடு பின் அடித்து வை.

அவர் போவதற்குள் ஐந்து தட்டும் காலியாக இருக்க வேண்டும். ஒரு பாக்கெட் தட்டில் மிஞ்சியிருந்தால் அது ஏதோ ஒரு பெட்டியில் இல்லை என்று அர்த்தம். அவரைப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லிக் காபி கொடுங்கள் சித்தி. தம்பி ஐந்தையும் மறுபடி தராசில் வைத்துப் பார்க்கட்டும்.